பழைய லாகினில் ஆத்தென்டிகேட்டர் கோட் சேர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். யஷ்வந்த்பூர் மண்டியிலும் கே.ஆர். மார்க்கெட்டிலும் மொத்த வியாபாரம் செய்யும் நம் ஊர்க்காரர்கள் கொள்முதலையும் கடன் பாக்கியையும் பதிந்து வைக்கும் கணக்குத் தளம் ஒன்று எங்கள் பொறுப்பில் இருக்கிறது. 9 வருடமாக ஓடுகிறது, 1,140 பேர் பயன்படுத்துகிறார்கள். பாஸ்வேர்டு மட்டும் இருந்த அந்த லாகினில், போனில் உள்ள ஆப் காட்டும் ஆறு இலக்கக் கோடையும் கேட்கும்படி மாற்றினோம். அதே வேலையைத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்டவை கீழே உள்ளன. கோடைக் கணக்கிடுவது அரை நாள் வேலை. பழைய லாகினில் உள்ள மற்ற வாசல்களைத் தேடி அடைக்க எங்களுக்கு ஐந்து வாரம் பிடித்தது. அதனால் அந்தப் பகுதியை விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

இதுக்கு ஏதாவது சர்வீஸ் வாங்கணுமாக்கா? அந்த ஆப் நம்ம சர்வரோட எப்படிப் பேசுது?

பேசுவதே இல்லை. பணம் கட்டி எதுவும் வாங்க வேண்டாம். முதல் நாள் க்யூஆர் வழியாக ஒரு ரகசியச் சாவி சர்வரிலிருந்து போனுக்குப் போகிறது. அதன் பிறகு இருவரும் தனித்தனியாக ஒரே கணக்கைப் போடுகிறார்கள். 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகளை 30-ஆல் வகுத்தால் ஒரு எண் வரும். அதை 'படி எண்' என்று வைத்துக்கொள்வோம். சாவியையும் படி எண்ணையும் சேர்த்து அரைத்து ஆறு இலக்கமாகச் சுருக்கினால் கோட் கிடைத்துவிடும். போனில் நெட் இல்லாவிட்டாலும் கோட் வருவது இதனால்தான். இந்த முறை 2011-இல் ஆர்எஃப்சி 6238 என்ற பெயரில் வெளியானது. கணக்கு முழுவதும் இவ்வளவுதான்:

```python
import hmac, hashlib, struct

def code_at(secret, step):
    h = hmac.new(secret, struct.pack(">Q", step), hashlib.sha1).digest()
    i = h[-1] & 15
    n = struct.unpack(">I", h[i:i+4])[0] & 0x7fffffff
    return str(n % 1000000).zfill(6)
```

உங்கள் மொழியில் நன்கு புழங்கிய லைப்ரரி இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் உள்ளே நடப்பது தெரிந்திருந்தால்தான் கோளாறு வரும்போது எங்கே பார்ப்பது என்று தெரியும்.

நான் எழுதினது சரியான்னு எதை வச்சு சரிபார்க்கிறது?

அதே ஆவணத்தில் சோதனை எண்கள் இருக்கின்றன. `12345678901234567890` என்ற இருபது எழுத்தைச் சாவியாக வைத்து, நேரம் 59 விநாடி என்று கொடுத்தால் `287082` வர வேண்டும். நேரம் 1111111109 என்றால் `081804`.

இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். அது பூஜ்யத்தில் தொடங்குகிறது. தட்டிய கோடை மட்டும் எண்ணாக மாற்றி ஒப்பிட்டாலும், திரும்பக் காட்டும்போது `zfill` மறந்தாலும், `81804` ஆகிவிடும். பத்தில் ஒரு கோட் பூஜ்யத்தில் தொடங்கும் என்பதால் 'எப்பவாவது ஒரு தடவை ஏத்துக்க மாட்டேங்குது' என்ற வகைப் புகாராக அது வந்து சேரும். அப்படிப்பட்ட புகாரின் மூலத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. கோடை முதலிலிருந்து கடைசி வரை எழுத்தாகவே வைத்திருங்கள்.

டெஸ்ட் சர்வர்ல எல்லாம் சரியா ஓடுது. கடையில வச்ச சர்வர்ல மட்டும் எந்தக் கோட் போட்டாலும் தப்புங்குது. கடிகாரத்தையும் பார்த்துட்டேன், சரியாத்தான் இருக்கு.

எங்களுக்கும் இதே நடந்தது. கடிகாரத்தில் பிழை இல்லை, படி எண்ணைக் கணக்கிட்ட வரியில்தான் பிழை. பைத்தானில் இப்படி எழுதியிருந்தோம்:

```python
step = int(datetime.utcnow().timestamp()) // 30
```

`utcnow()` தரும் நேரத்தில் அது எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு இருக்காது. `timestamp()` அதை அந்த மெஷினின் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. கிளவுடில் இருந்த டெஸ்ட் சர்வர் யுடிசி நேரத்தில் ஓடியதால் வித்தியாசம் தெரியவில்லை. கடை சர்வர் இந்திய நேரத்தில் இருந்தது. ஐந்தரை மணி நேரம், அதாவது 19,800 விநாடி, முப்பதால் வகுத்தால் 660 படி பின்னால் நின்றது. `int(time.time()) // 30` என்று மாற்றியதும் சரியானது. யூனிக்ஸ் நேரத்துக்கு ஊர் கிடையாது.

இதைப் பிடிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்தோம். டெஸ்ட் யூசர் ஒருவரின் சாவியை வைத்து, அவர் போனில் தெரியும் கோட் இப்போதைய படிக்கு 700 படி முன்னும் பின்னும் எங்காவது இருக்கிறதா என்று தேடும். 660-இல் கிடைத்தால் நேர மண்டலக் கோளாறு. இரண்டு மூன்று படியில் கிடைத்தால் கடிகாரம் நழுவியிருக்கிறது, என்டிபி ஓடுகிறதா என்று பாருங்கள். எங்கேயும் கிடைக்காவிட்டால் சாவியே வேறு. பெரும்பாலும் பேஸ்32 எழுத்தை பைட்டாக மாற்றாமல் அப்படியே சாவியாகக் கொடுத்திருப்பீர்கள்.

இந்த மாதிரி சமயத்தில் ஏற்கும் அளவை அகலமாக்கி ஒப்பேற்றிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். இப்போதைய படி, முந்தைய படி, அடுத்த படி ஆகிய மூன்றுக்கு மேல் ஏற்க வேண்டிய தேவை வராது.

பாஸ்வேர்டு சரின்னா கோட் கேட்கிற பக்கத்துக்கு அனுப்பிடறேன். அவ்வளவு போதும்ல?

போதாது. இந்த வேலையில் மிகப் பெரிய ஓட்டை விழும் இடம் இதுதான். எங்கள் பழைய லாகின் இப்படி இருந்தது: பாஸ்வேர்டு சரியென்றால் செஷனில் `user_id` பதிவாகும், பிறகு முகப்புக்குப் போகும். உள்பக்கங்கள் எல்லாம் `user_id` இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். முதல் முயற்சியில், முகப்புக்குப் பதிலாக `/code` பக்கத்துக்கு அனுப்பினோம். பார்க்க அழகாக வேலை செய்தது. எங்களோடு இருந்த பயிற்சிப் பையன் கோட் பக்கம் வந்ததும் எதையும் தட்டாமல் முகவரிப் பட்டையில் `/ledger` என்று எழுதி என்டர் தட்டினான். முழுப் பேரேடும் திறந்துகொண்டது. கோட் கேட்கும் பக்கம் நடுவில் நின்றதே தவிர, கதவு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

செய்ய வேண்டியது: பாஸ்வேர்டு சரியானதும் `user_id` எழுதவே கூடாது. வேறு பெயரில், `pending_id` என்று, இவர் பாதி வழியில் நிற்கிறார் என மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஐந்து நிமிட ஆயுள் போதும். கோட் சரியானதும் `pending_id`-ஐ அழித்து, செஷன் எண்ணைப் புதிதாக மாற்றி, அப்போதுதான் `user_id` எழுத வேண்டும். இப்படிச் செய்தால் உள்பக்கங்களில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம். அவை பழையபடி `user_id` தேடும், கிடைக்காது, வெளியே தள்ளும். பழைய அமைப்பில் இருநூறு பக்கம் இருந்தாலும் பாதுகாப்பு ஒரே இடத்தில் உட்காருகிறது.

சரிபார்க்க, பாஸ்வேர்டு மட்டும் போட்டுக் கோட் பக்கத்தில் நில்லுங்கள். பிரவுசரிலிருந்து அந்தக் குக்கீயை எடுத்து இப்படித் தட்டிப் பாருங்கள்:

```
curl -i -b "sid=..." https://example.com/ledger
```

`302` வந்து `/login` பக்கம் திருப்பிவிட்டால் சரி. `200` வந்தால் இன்னும் ஓட்டை இருக்கிறது. உங்கள் தளத்தின் முகவரிகள் அனைத்தையும் ஒரு பட்டியலாக்கி இந்தச் சோதனையைத் தானாக ஓடவிடுங்கள். நாங்கள் ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஓட்டுகிறோம்.

லாகின் பக்கத்தை மாத்தியாச்சு. வேற எங்கெல்லாம் பார்க்கணும்?

யூசரை உள்ளே விடும் ஒவ்வொரு வரியையும் தேடுங்கள். நாங்கள் ஓட்டியது இது:

```
grep -rn 'session\["user_id"\] *=' .
```

ஒரே ஒரு இடம் இருக்கும் என்று நினைத்தோம். நான்கு வந்தன. ஒன்று லாகின். இரண்டாவது, பாஸ்வேர்டு மறந்தவருக்கு மெயிலில் போகும் லிங்க். புதுப் பாஸ்வேர்டு வைத்ததும் 'திரும்ப எதுக்குத் தட்டணும்' என்று நேராக உள்ளே அனுப்பிவிடும். மெயில் கைப்பற்றப்பட்டால் கோடே தேவையில்லை என்று அர்த்தம். மூன்றாவது, 'என்னை நினைவில் வை' குக்கீ. 30 நாள் செல்லும் அந்தக் குக்கீ இருந்தால் புதுச் செஷன் தானாகத் திறந்துவிடும். நான்காவது, கடைக்காரர் போன் செய்து உதவி கேட்டால் அவர் கணக்கைத் திறந்து பார்க்க எங்கள் ஆட்கள் வைத்திருந்த பக்கம்.

நான்கையும் எடுத்துவிட்டு `finish_login(user)` என்று ஒரே ஃபங்ஷன் வைத்தோம். `user_id` எழுதும் உரிமை அதற்கு மட்டும்தான். மெயில் லிங்க் இப்போது பாஸ்வேர்டை மாற்றிவிட்டு லாகின் பக்கத்திலேயே விடுகிறது. உதவிக்காகக் கணக்கைத் திறக்கும் எங்கள் ஆள் தன் சொந்தக் கோடைத் தட்ட வேண்டும், யார் எந்தக் கணக்கைத் திறந்தார் என்பதும் பதிவாகிறது.

இந்தத் தேடலில் அகப்படாத ஐந்தாவது வாசலும் ஒன்று இருந்தது. விற்பனைப் பையன்கள் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு ஆப், `/api/v1/token` என்ற முகவரிக்குப் பாஸ்வேர்டை அனுப்பி டோக்கன் வாங்கும். அதில் செஷனே கிடையாது, அதனால் கண்ணில் படவில்லை. பழைய பதிப்பு ஆப்புக்குக் கோட் கேட்கும் திரை இல்லாததால், பாஸ்வேர்டுக்கு அடுத்த இரண்டாம் படியாகக் கோடைப் போட்டவர்களுக்கு அந்த முகவரி டோக்கன் தராமல், 'ஆப்பைப் புதுப்பியுங்கள்' என்று மட்டும் சொல்லும்படி மாற்றினோம்.

இன்னொன்று. யூசர் இரண்டாம் படியைப் போட்ட அந்த நிமிடமே, அவர் கணக்கில் வேறு எங்கெல்லாம் செஷனும் டோக்கனும் திறந்திருக்கிறதோ அவற்றை மூடிவிடுங்கள். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவனைப் புதுப் பூட்டு வெளியேற்றாது.

ஆறு இலக்கம்தானே, யாராவது வரிசையா அடிச்சுப் பார்த்தா?

தடை வைக்காவிட்டால் கிடைத்துவிடும். ஒரே நேரத்தில் மூன்று கோட் செல்லும் என்பதால் ஒரு முயற்சி பலிக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் மூன்று. விநாடிக்குப் பத்து முயற்சி என்றால் ஒரு நாளில் 8,64,000. அந்த வேகத்தில் ஒரே நாளில் உள்ளே வந்துவிட 92 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

ஐந்து தடவை தவறினால் 15 நிமிடம் நிறுத்துங்கள். எண்ணிக்கையை ஐபி முகவரிக்கு வைக்காதீர்கள், கணக்குக்கு வையுங்கள். பாஸ்வேர்டைத் திரும்பப் போட்டால் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடக் கூடாது. அப்போது ஒரு நாளைக்கு 480 முயற்சிதான் முடியும், வாய்ப்பு 0.14 சதவீதம். அதையே மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்பவனுக்காக, தொடர்ந்து 20 தவறு ஆனதும் பாஸ்வேர்டு மாற்றினால்தான் தொடர முடியும் என்று வைத்தோம். கோட் பக்கம் வரை வந்தவருக்குப் பாஸ்வேர்டு தெரிந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அங்கே தொடர்ந்து தவறு நடந்தால், பாஸ்வேர்டு வெளியே போயிருக்கலாம் என்று கணக்குக்காரருக்கு உடனே மெயில் போக வேண்டும்.

ஒரு தடவை செல்லுபடியான கோட் மறுபடி செல்லக் கூடாது. கடையில் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவர் அதே அரை நிமிடத்தில் தட்டினாலும் மறுக்க வேண்டும். கடைசியாகப் பயன்பட்ட படி எண்ணைச் சேமித்து, ஒரே கட்டளையில் சோதித்துப் பதியுங்கள்:

```sql
UPDATE users SET last_step = :step
WHERE id = :id AND last_step < :step;
```

ஒரு வரிசை மாறினால் ஏற்கலாம், மாறாவிட்டால் மறுக்க வேண்டும். முதலில் படித்துவிட்டுப் பிறகு எழுதினால், ஒரே நேரத்தில் வரும் இரண்டு கோரிக்கையும் உள்ளே போய்விடும். `last_step` ஃபீல்டுக்குத் தொடக்க மதிப்பு 0 கொடுங்கள். `NULL` என்று விட்டால் அந்த ஒப்பீடு ஒருபோதும் உண்மையாகாது, ஒருவரும் உள்ளே வர முடியாது.

சாவியைப் பாஸ்வேர்டு மாதிரியே ஹேஷ் பண்ணி வச்சுடலாமா?

முடியாது. ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட சர்வருக்கு முழுச் சாவியும் வேண்டும். அதனால் என்கிரிப்ட் செய்து வையுங்கள். திறக்கும் சாவியை டேட்டாபேஸிலும் அதன் பேக்கப்பிலும் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். ஒருவருக்கு 20 பைட் ரேண்டம் சாவி. பேஸ்32-இல் எழுதினால் சரியாக 32 எழுத்து வரும், கடைசியில் `=` ஒட்டாது.

க்யூஆர்ல என்ன போடணும்?

```
otpauth://totp/Kadai%20Kanakku:muthu%40example.com?secret=GEZDGNBVGY3TQOJQGEZDGNBVGY3TQOJQ&issuer=Kadai%20Kanakku
```

இடைவெளிக்கு `%20` போடுங்கள். `+` போட்டால் சில ஆப்கள் அதை அப்படியே பெயரில் காட்டும். இலக்கம், நேரம், அல்காரிதம் எதையும் மாற்ற வேண்டாம், சில ஆப்கள் அவற்றைக் கண்டுகொள்ளாமல் வழக்கமான மதிப்புகளையே எடுக்கும். க்யூஆர் படத்தை உங்கள் சர்வரிலேயே வரையுங்கள். வெளியே இலவசமாக வரைந்து தரும் தளத்துக்கு அனுப்பினால் சாவியையே அவர்கள் கையில் கொடுத்ததாகிவிடும்.

ஸ்கேன் செய்ததும் பூட்டிவிடாதீர்கள். ஒரு கோட் தட்டச் சொல்லி, அது சரியாக இருந்தால் மட்டும் இரண்டாம் படியை இயக்குங்கள். பாதியில் பக்கத்தை மூடியவர் வெளியே மாட்டிக்கொள்ளக் கூடாது.

போன் தொலைஞ்சா என்ன பண்றதுக்கா? எங்க ஓனர் முதல்ல கேட்ட கேள்வியே இதுதான்.

உங்கள் ஓனர் கேட்டது நியாயம். இதற்கு விடை இல்லாமல் இயக்கவே கூடாது. பதிவு செய்யும்போதே பத்து மாற்றுக் கோட் கொடுக்கிறோம், ஒவ்வொன்றும் பத்து எழுத்து. ஒரு தடவை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும். இவற்றை ஹேஷ் செய்துதான் சேமிக்கிறோம், ஒப்பிட்டால் போதுமே. மூன்றுக்குக் கீழே குறைந்தால் புதிதாக எடுக்கச் சொல்கிறோம்.

'அச்சடி' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தோம். எட்டு மாதம் கழித்து, மார்க்கெட்டில் பூ மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி போன் உடைந்துபோய் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கல்லாவுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த காகிதத்தை நீட்டினார். அது பில் மெஷின் காகிதம். நாளடைவில் எழுத்து மங்கி, வெறும் மஞ்சள் துண்டாக இருந்தது. அவர் சொன்னபடி சரியாகச் செய்தவர், நாங்கள்தான் யோசிக்கவில்லை. கடைகளில் பிரின்டர் என்றாலே பில் பிரின்டர்தான். இப்போது அந்தப் பக்கத்தில் 'பேனாவால் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது.

மாற்றுக் கோடும் இல்லாதவருக்கு என்ன வழி என்பதையும் முன்பே எழுதி வையுங்கள். 'நான்தாம்ப்பா பேசறேன்' என்ற குரலை நம்பி நீக்கக் கூடாது. எங்களிடம் பதிவான எண்ணுக்கு நாங்கள் திரும்ப அழைக்கிறோம், மெயிலுக்கும் தகவல் போகிறது, அதன் பிறகு 24 மணி நேரம் கழித்தே நீக்குகிறோம். இடையில் உண்மையான ஆள் 'நான் கேட்கவில்லை' என்று சொன்னால் நின்றுவிடும். அந்த அண்ணாச்சிக்கும் ஒரு நாள் காத்திருக்கும்படி ஆனது. எதிரில் நிற்பவரிடம் அதைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் விதியைத் தளர்த்தவில்லை.

எங்க கடையில மூணு குமாஸ்தாவும் ஒரே லாகின்தான். மூணு போன்லயும் அதே க்யூஆரை ஸ்கேன் பண்ணலாமா?

ஸ்கேன் ஆகும், மூன்றிலும் ஒரே கோட் வரும். ஆனால் இரண்டு பேர் ஒரே அரை நிமிடத்தில் தட்டினால், மேலே சொன்ன `last_step` காரணமாக இரண்டாவது ஆளுக்குத் தவறு என்று வரும். ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது சாவி அவரோடு போகிறது, மற்ற இருவருக்கும் புதிதாகப் போட வேண்டும். ஆளுக்கொரு கணக்கு கொடுத்துவிடுங்கள். எங்கள் தளத்தில் அதற்காகவே ஒரு கடைக்குக் கீழ் பல கணக்கு என்ற வசதியை முதலில் கட்டினோம்.

எல்லாருக்கும் ஒரே நாள்ல கட்டாயமாக்கிடலாமா?

வேண்டாம். முதல் இரண்டு வாரம் எங்கள் அலுவலகத்தார் ஒன்பது பேர் மட்டும். பிறகு கடை முதலாளிகள், விருப்பப்பட்டால். நான்காவது மாதம் பணம் அனுப்பும் உரிமை உள்ள கணக்குகளுக்குக் கட்டாயமாக்கினோம். உதவி எண்ணுக்கு ஒரு நாளில் எத்தனை அழைப்பு தாங்கும் என்பதைப் பார்த்து வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இது போட்டா போலி லாகின் பக்கத்துல ஏமாந்தாலும் தப்பிச்சுக்கலாமா?

தப்ப முடியாது. போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டோடு கோடையும் தட்டினால், எதிராளி அதை அந்த அரை நிமிடத்துக்குள் உண்மையான தளத்தில் தட்டிவிடுவான். வேறு எங்கோ கசிந்த பாஸ்வேர்டு, ஊகித்த பாஸ்வேர்டு, எஸ்எம்எஸ் ஓடிபியைப் பிடிக்க சிம்மையே மாற்றி வாங்கும் மோசடி, இவற்றுக்கு எதிராகத்தான் இந்த முறை நன்றாக நிற்கும். போலிப் பக்கத்தைத் தடுப்பது பாஸ்கீ. அது தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டது, வேறு முகவரியில் வேலையே செய்யாது. எங்கள் அலுவலகக் கணக்குகளை இப்போது அதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். கடைக்காரர்களுக்கு அது வரும்வரை ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம்: பணம் போய்ச்சேரும் வங்கிக் கணக்கு எண்ணை யார் மாற்றினாலும் 24 மணி நேரம் கழித்தே நடைமுறைக்கு வரும், மாற்றிய உடனே ஏற்கெனவே பதிவான போன் எண்ணுக்கு எஸ்எம்எஸ் போய்விடும்.